நூறு எம்பி பார்ட்டிஷனும் ஒன்பது ரீஸ்டார்ட்டும்

என் மனைவி கணக்கு டீச்சர். காலை ஏழேகாலுக்கு மடிக்கணினியைத் திறந்து, முந்தின இரவு தட்டச்சு செய்து வைத்த வினாத்தாளை ஒரு தடவை சரிபார்த்து, பிரிண்ட் கொடுத்துவிட்டுக் கிளம்புவாள். அன்றைக்குத் திறந்தபோது திரை கறுப்பாக இருந்தது. நடுவில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன, கீழே Undoing changes என்று வந்திருந்தது. "என்னங்க, இது எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இருபத்து மூன்று நிமிடம் ஆனது. வினாத்தாளைப் பள்ளிக்கூடத்தில் போய்த்தான் பிரிண்ட் எடுத்தாள். மறுநாள் இரவு ஷட் டவுன் செய்தபோது அதே அப்டேட் மறுபடி ஏறியது, மறுநாள் காலை மறுபடி இறங்கியது. மூன்று வாரத்தில் ஒன்பது தடவை இப்படி நடந்தது.

விண்டோஸ் மாதாமாதம் அனுப்பும் குமுலேட்டிவ் அப்டேட்தான் அது. அதில் முந்தைய மாதங்களின் திருத்தங்களும் சேர்ந்தே இருக்கும். அதனால் ஒன்றைத் தவிர்த்துவிட்டு அடுத்த மாதத்துடையதைப் போட்டுக்கொள்ளலாம் என்று விட முடியாது. இந்த மாதம் எந்தக் காரணத்தால் தோற்றதோ, அதே காரணம் அடுத்த மாதமும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அப்டேட் ஹிஸ்டரியில் ஒவ்வொரு முயற்சிக்கும் எதிரே ஒரே எண்தான் இருந்தது: 0x800f0922.

அந்த எண்ணைத் தேடினால் எல்லா இடத்திலும் ஒரே வரிசையில் ஒரே மருந்துதான் எழுதியிருக்கிறார்கள். `sfc /scannow` ஓட்டு, `DISM /Online /Cleanup-Image /RestoreHealth` ஓட்டு, SoftwareDistribution ஃபோல்டரின் பெயரை மாற்று, அப்டேட்டைத் தனியாக இறக்கிப் போட்டுப் பார். இந்த நான்கையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து செய்தேன். முதல் இரண்டும் குறை எதுவும் இல்லை என்றன. அடுத்த இரண்டுக்குப் பிறகும் அப்டேட் முப்பது சதவீதத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. பக்கத்துத் தெரு சர்வீஸ் கடையில் காட்டினேன். தம்பி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "பார்மட் போட்டுரலாம் சார், ஆயிரம் ரூபா" என்றார். பத்து வருட வினாத்தாள்களும், அவள் அளவுக்கு அமைத்து வைத்த தமிழ்த் தட்டச்சும் அதில் இருந்தன. வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

எந்த இடத்தில் தோற்கிறது

நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அப்டேட் இரண்டு கட்டமாக நடக்கிறது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கி, விரிந்து, WinSxS ஃபோல்டரில் தயாராக உட்காருவது முதல் கட்டம். செட்டிங்ஸில் ஏறும் சதவீதம் அதைத்தான் காட்டுகிறது. பயன்பாட்டில் இருக்கும் ஃபைல்களை அப்போது மாற்ற முடியாது. ஆகவே மாற்ற வேண்டியவற்றையெல்லாம் ஒரு பட்டியலாக எழுதி வைத்துவிட்டு ரீஸ்டார்ட் கேட்கிறது. ரீஸ்டார்ட்டின்போது அந்தப் பட்டியலை நிறைவேற்றுவது இரண்டாவது கட்டம்.

விண்டோஸின் சொந்த ஃபைல்கள் கெட்டுப்போயிருந்தால், பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே, ரீஸ்டார்ட் கேட்பதற்கு முன்பே அப்டேட் நின்றுவிடும். sfc, DISM இரண்டும் அந்த நோய்க்கான மருந்து. எங்கள் வீட்டுக் கணினி முதல் கட்டத்தை ஒன்பது தடவையும் நூறு சதவீதம் முடித்தது. தோற்றதெல்லாம் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகுதான். அப்படியானால் கோளாறு, ரீஸ்டார்ட்டின்போது மட்டும் தொடப்படும் ஏதோ ஒன்றில் இருக்க வேண்டும். ஒரு டிரைவர், ஒரு சர்வீஸ், அல்லது கணினியைக் கிளப்பும் பூட் ஃபைல்கள். இந்தப் பிரிவு முழுக்க முழுக்கப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே தேடுவது என்பதைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

எனக்கு இதைப் புரிய வைத்தவன், கல்லூரியில் கூடப் படித்த நண்பன். ஓர் அலுவலகத்தில் இருநூறு கணினிகளைப் பார்த்துக்கொள்கிறான். நான் செய்ததையெல்லாம் போனில் பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "அதெல்லாம் சரிடா, லாக் பார்த்தியா?" என்றான். பார்க்கவில்லை. "அந்த எண்ணை வச்சு என்னடா பண்ணுவே? ரீஸ்டார்ட்ல ஏதோ ஒரு வேலை நடக்கலன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். எந்த வேலைன்னு லாக்லதான் இருக்கும்."

அவன் சொன்னதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. அப்டேட் ரீஸ்டார்ட்டின்போது சில சிறப்பு வேலைகளைத் தனித்தனி இன்ஸ்டாலர்களிடம் ஒப்படைக்கிறது. அவற்றில் ஏதேனும் ஒன்று தோற்றால் மேலே வந்து நிற்கும் பொது எண்தான் 0x800f0922. பூட் பார்ட்டிஷனில் இடம் இல்லாவிட்டாலும் அதே எண்தான், முற்றிலும் வேறு காரணத்தால் ஓர் இன்ஸ்டாலர் தோற்றாலும் அதே எண்தான். எண்ணைப் பார்த்து மருந்து எழுதுகிறவர்கள், காய்ச்சல் என்று கேட்டவுடன் மாத்திரை கொடுக்கிறவர்கள்.

அந்த ஒரு வரி

லாக் ஃபைல் `C:\Windows\Logs\CBS\CBS.log`. லட்சக்கணக்கான வரிகள் இருக்கும், அப்படியே திறந்து படிக்க முடியாது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பிழை வரிகளை மட்டும் தனியே எடுத்தேன்.

```
findstr /c:", Error" C:\Windows\Logs\CBS\CBS.log > %userprofile%\Desktop\err.txt
```

இதில் கவனிக்க வேண்டியது நேரம். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் தேதியும் நேரமும் இருக்கும். தோற்ற அன்று ரீஸ்டார்ட் எத்தனை மணிக்கு நடந்ததோ, அதை ஒட்டி வரும் முதல் பிழை வரியைப் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறவையெல்லாம் அந்த ஒன்றால் விளைந்தவை. கடைசி வரியில் தொடங்கினால் மறுபடி 0x800f0922இல்தான் போய் முட்டுவோம். CBS.log பெரிதாகிவிட்டால் விண்டோஸ் அதை CbsPersist என்று தொடங்கும் பெயரில் அதே ஃபோல்டரில் ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். தேடும் தேதி CBS.log-இல் இல்லையென்றால் அங்கே பார்க்க வேண்டும்.

எனக்குக் கிடைத்த வரிசையில் முதலில் இருந்தது இது:

```
ServicingBootFiles failed. Error = 0x70
```

அதற்குச் சற்றுக் கீழே, இன்னொரு நீண்ட வரிக்குள்:

```
Failure will not be ignored: A rollback will be initiated
```

இரண்டாவது வரியைப் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்று வாரமாக எங்களை அலைக்கழித்த முடிவை விண்டோஸ் எந்த நொடியில் எடுத்தது என்று அதில் எழுதியிருந்தது. ஒரு வேலை தோற்றது, அதைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது, எல்லாவற்றையும் திருப்பிவிடுகிறேன் என்கிறது. தோற்ற வேலை முதல் வரியில் இருக்கிறது: பூட் ஃபைல்களைப் புதுப்பிப்பது. காரணமும் அங்கேயே இருக்கிறது. 0x70 என்பது பதினாறடிமான எண். நம் எண்ணில் சொன்னால் 112. விண்டோஸில் 112ஆவது பிழைக்கு அர்த்தம், டிஸ்க்கில் இடம் இல்லை.

சி டிரைவில் நூற்றறுபது ஜிபி காலியாக இருந்தது. அப்படியானால் இடம் இல்லாமல் போனது எங்கே?

நூறு சதவீதம் காலி

பூட் ஃபைல்கள் சி டிரைவில் இருப்பதில்லை. யுஇஎஃப்ஐ முறையில் கிளம்பும் எல்லாக் கணினியிலும் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று தனியாக ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. விண்டோஸ் நிறுவும்போது தானாக உருவாவது, பல கணினிகளில் வெறும் 100 எம்பி. எக்ஸ்ப்ளோரரில் தெரியாது, சி, டி போல டிரைவ் எழுத்தும் கிடையாது. பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு முதலில் தேடிப் போவது அங்கேதான்.

எனக்கு வருத்தம் இதில்தான். ஒரு வாரத்துக்கு முன்பே இந்தச் சந்தேகம் வந்து, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்திருந்தேன். அந்தப் பார்ட்டிஷனுக்கு நேரே 100 % என்று, முழுவதும் காலியாக இருப்பதாகக் காட்டியது. சரி, இங்கே பிரச்சினை இல்லை என்று விட்டுவிட்டேன். அந்தத் திரை இஎஃப்ஐ பார்ட்டிஷனை எப்போதுமே நூறு சதவீதம் காலி என்றுதான் காட்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. உண்மையில் யோசித்தால், முழுக்கக் காலியாக இருந்தால் கணினி கிளம்பவே கிளம்பாது. இந்த ஒரு எண்ணை நம்பித்தான் பலர் சரியான இடத்துக்கு வந்தும் திரும்பிப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

உள்ளே பார்க்க, அந்தப் பகுதிக்குத் தற்காலிகமாக ஓர் எழுத்தைக் கொடுக்க வேண்டும். பயன்பாட்டில் இல்லாத எழுத்தாக இருந்தால் போதும்.

```
mountvol Y: /s
dir Y:\ /a /s
```

எக்ஸ்ப்ளோரரில் Y டிரைவைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்று சொல்லிவிடும். எல்லாவற்றையும் அதே கமாண்ட் பிராம்ப்ட்டில்தான் செய்ய வேண்டும். பட்டியல் ஓடி முடிந்ததும் கடைசி வரியில் bytes free என்று வரும், அதுதான் உண்மையான எண். எங்களுடையதில் இரண்டு எம்பிகூட முழுதாக இல்லை. புது பூட் மேனேஜர் ஃபைல் ஒன்றே அந்த அளவுக்கு வரும். பழையதை அழிக்காமல் புதியதைப் பக்கத்தில் எழுதி முடித்துவிட்டுத்தான் மாற்ற முடியும் என்பதால், காப்பி பாதியில் நின்றிருக்கிறது.

இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது யார் என்றும் அந்தப் பட்டியலே சொன்னது. விண்டோஸின் பங்கு முப்பது எம்பியை ஒட்டி. அறுபது எம்பிக்கு மேல், மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரில் இருந்த ஒரு ஃபோல்டர். அதில் ஹார்டுவேரைச் சோதிக்கும் ஒரு புரோகிராம், இப்போதைய பயாஸின் நகல் ஒன்று, அதற்கு முந்தைய பயாஸின் நகல் ஒன்று. பயாஸ் நகல் ஒவ்வொன்றும் பதினாறு எம்பி. தேதிகளைப் பார்த்தேன். அப்டேட் முதல்முறை தோற்பதற்கு இரண்டு வாரத்துக்கு முன்புதான் பயாஸ் அப்டேட் ஒன்று வந்து, பழைய நகலை ஒதுக்கிவிட்டுப் புதியதை வைத்துவிட்டுப் போயிருந்தது. அதுவரை தட்டுத்தடுமாறிப் போதுமானதாக இருந்த இடம் அன்றைக்குத் தீர்ந்திருக்கிறது.

கைவைப்பதற்கு முன்பு

பூட் பார்ட்டிஷனில் தவறான ஃபைலை அழித்தால் கணினி மறுபடி கிளம்பாது. அதனால் முதலில் செட்டிங்ஸில் அப்டேட்டை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைத்தேன். வேலை பாதியில் இருக்கும்போது அது மறுபடி ஏறத் தொடங்கிவிடக் கூடாது. அப்புறம், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி. விண்டோஸ் ஹோம் போட்ட மடிக்கணினிகளிலும் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அது இயங்கிக்கொண்டிருக்கலாம். பூட் ஃபைல்கள் மாறும்போது சில சமயம் அந்த நாற்பத்தெட்டு இலக்கச் சாவியைக் கேட்டு நிற்கும். மனைவியின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் எடுத்துத் தாளில் எழுதி வைத்தேன். மூன்றாவது, பார்ட்டிஷனின் நகல்.

```
robocopy Y:\ D:\esp-backup /e /r:0
bcdedit /export D:\bcd-backup
```

முதல் கட்டளையில் `/r:0` முக்கியம். பூட் அமைப்புகளை வைத்திருக்கும் BCD என்ற ஃபைலை விண்டோஸ் எப்போதும் பூட்டித்தான் வைத்திருக்கும், அதைக் காப்பி செய்ய முடியாது. `/r:0` போடாவிட்டால் ரோபோகாப்பி அந்த ஒரு ஃபைலுக்காக அரை நிமிடத்துக்கு ஒருமுறை முயன்றுகொண்டே இருக்கும், முடியவே முடியாது. அந்த ஒன்றுக்காகத்தான் இரண்டாவது கட்டளை. டி டிரைவ் இல்லாதவர்கள் பென் டிரைவின் எழுத்தைக் கொடுக்கலாம்.

முதலில் அழிக்க வேண்டியது Fonts ஃபோல்டரில் இருக்கும் எழுத்துருக்கள். மைக்ரோசாஃப்ட்டே இந்தப் பார்ட்டிஷனில் இடம் போதாதபோது செய்யச் சொல்லும் வழி இது. அழிப்பதற்கு முன் பட்டியலைப் பார்த்தேன். `chs_boot.ttf`, `cht_boot.ttf`, `jpn_boot.ttf`, `kor_boot.ttf` ஆகிய நான்கும்தான் பெரியவை. விண்டோஸ் கிளம்பும் முன் வரும் திரைகளைச் சீனம், ஜப்பான், கொரிய மொழிகளில் காட்ட வைத்திருப்பவை. ஃபோல்டர் மொத்தம் பதின்மூன்று எம்பி. இவற்றின் மூலப் பிரதி `C:\Windows\Boot\Fonts` ஃபோல்டரில் இருப்பதால் போனாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

```
del Y:\EFI\Microsoft\Boot\Fonts\*.*
```

முழுப் பாதையையும் கொடுத்து அழிப்பது என் பிடிவாதம். பல இடங்களில் `cd` போட்டு உள்ளே போய் `del *.*` கொடுக்கச் சொல்கிறார்கள். நடுவில் `Y:` என்று டிரைவ் மாறத் தவறினால், அந்த `del` நாம் நின்றுகொண்டிருக்கும் வேறு ஃபோல்டரைத் துடைத்துவிடும். உறுதியா என்று அது கேட்கும்போது பாதையை இன்னொரு தடவை படித்துவிட்டு Y கொடுத்தேன்.

அதுவே அந்த மாதத்துக்குப் போதுமாக இருந்திருக்கும். ஆனால் அப்டேட் முடியும்போது விண்டோஸ் அந்த எழுத்துருக்களை மறுபடி அங்கேயே வைத்துவிடக்கூடும், பிறகு அடுத்த மாதம் அதே கதை. அதனால் பழைய பயாஸ் நகலையும் வெளியே எடுத்துவிட முடிவு செய்தேன். இப்போதைய பயாஸின் நகலைத் தொடவில்லை. பயாஸ் கெட்டுப்போனால் மீட்பதற்கு மதர்போர்டு அதைத் தேடலாம். அதற்கு முந்தையதை மட்டும், காப்பி ஏற்கெனவே டி டிரைவில் இருப்பதை ஒருமுறை சரிபார்த்துவிட்டு நீக்கினேன். மறுபடி `dir` போட்டபோது முப்பத்தொரு எம்பி காலி. `mountvol Y: /d` கொடுத்து எழுத்தை எடுத்துவிட்டேன்.

இரவு பத்தரை மணி

அப்டேட்டைத் திறந்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தபோது இரவு பத்தரை. மனைவியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பது சதவீதம் வரை எங்களுக்குப் பழகிய வழிதான். முப்பத்தைந்துக்குக் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நாற்பது, அறுபது, ஒரு ரீஸ்டார்ட், நூறு. லாகின் திரை வந்ததும் அவள் பாஸ்வேர்டைப் போட்டாள், நான் `winver` திறந்தேன். அதில் பில்ட் எண்ணுக்குப் பின் ஒரு புள்ளியும் அதன்பின் ஓர் எண்ணும் இருக்கும். அப்டேட் உண்மையில் ஏறியதா என்பதற்கு அந்தப் பின்பகுதிதான் சாட்சி. ஒன்பது தடவையும் மாறாமல் இருந்த அந்த எண் அன்று மாறியிருந்தது.

இதை எல்லோருக்குமான தீர்வாக எழுதவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். லாகில் முதல் பிழை 0x70 ஆக இல்லாமல் வேறொன்றாக இருந்தால், இந்தப் பார்ட்டிஷனில் கைவைக்கவே வேண்டாம். உதாரணமாக 0x800f0831 வந்தால், முன்பு போட்ட ஏதோ ஓர் அப்டேட்டின் பகுதி காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். எந்தப் பேக்கேஜ் என்பதும் அந்த வரியை ஒட்டியே இருக்கும், அதைத் தேடி இறக்கிப் போட வேண்டும். ஒரே கணினியில் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு அதன் பூட் ஃபோல்டரும் இதே பார்ட்டிஷனில்தான் இருக்கும். அதைத் தேவையற்றது என்று நினைத்து அழித்துவிடக் கூடாது.

பார்ட்டிஷனைப் பெரிதாக்கிவிட்டால் என்ன என்று நண்பனிடம் கேட்டேன். சி டிரைவைச் சுருக்கினால் காலி இடம் அதன் வால் பக்கம் வரும். இஎஃப்ஐ பார்ட்டிஷனோ சி டிரைவுக்கு முன்னால் இருக்கிறது, நடுவில் இன்னொரு குட்டிப் பகுதியும் உண்டு. பக்கத்தில் இல்லாத இடத்தை ஒட்டிக்கொள்ள முடியாது. டிஸ்க்கின் கடைசியில் புதிதாக ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்கி, `bcdboot` கொண்டு பூட் ஃபைல்களை அங்கே எழுதலாம், அவன் அலுவலகத்தில் அப்படித்தான் செய்கிறான். வீட்டில் ஒரே கணினி வைத்துக்கொண்டு, அது அடுத்த நாள் காலை வேலைக்கும் வேண்டும் என்றால் நான் அதில் இறங்க மாட்டேன். புதிதாக விண்டோஸ் போடும் சந்தர்ப்பம் வந்தால் அப்போதே ஐந்நூறு எம்பி ஒதுக்கிக்கொள்வேன்.

ஏனென்றால் இந்தப் பகுதியில் வேலை குறையப் போவதில்லை. நம்பகமான பூட் ஃபைல்களை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட்டின் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூன் தொடங்கி முடிகிறது. அவற்றுக்குப் பதிலாக 2023ஆம் ஆண்டுச் சான்றிதழால் கையெழுத்திட்ட பூட் மேனேஜரை இந்தச் சின்னப் பார்ட்டிஷனில்தான் எழுதியாக வேண்டும். அங்கே நெருக்கடியாக இருக்கும் எந்தக் கணினிக்கும் இந்தக் கறுப்புத் திரை வரலாம்.

இப்போது, அப்டேட் வரும் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கு முந்தின நாள், அவள் பேப்பர் திருத்திக்கொண்டிருக்கும்போது நான் மடிக்கணினியை வாங்கி `mountvol`, `dir` இரண்டையும் ஓட்டிப் பார்க்கிறேன். எழுத்துருக்கள் நான் நினைத்ததுபோலவே திரும்பி வந்துவிட்டன. நேற்றுப் பார்த்தபோது பதினேழு எம்பி காலியாக இருந்தது.